ஒரே வசனம், ஐந்து விரிவுரைகள்: தஃப்சீர் பற்றி முதல் கட்டுரை எழுதுபவருக்கு

இஸ்லாமிய இயல் அறிமுகப் பாடத்தில் "தஃப்சீர் கலையின் வளர்ச்சியும் முறைகளும்" என்று தலைப்புக் கொடுத்தால், பெரும்பாலும் ஒரே கட்டுரைதான் திரும்பத் திரும்ப வந்து சேரும். தஃப்சீர், அதாவது குர்ஆனுக்கு எழுதும் விரிவுரை, இரண்டு வகைப்படும் என்று அது தொடங்கும். ஒன்று, நபியும் தோழர்களும் சொன்னதாக வந்த அறிவிப்புகளை வைத்து விளக்குவது. மற்றொன்று, விரிவுரையாளர் தம் அறிவையும் ஆய்வையும் வைத்து விளக்குவது. முதல் பெட்டியில் தபரியையும் இப்னு கஸீரையும் போடுவார்கள். இரண்டாவதில் ஸமக்ஷரியும் ராஸியும். ஆளுக்கு ஒரு பத்தி வாழ்க்கைக் குறிப்பு, அப்புறம் முடிவுரை.

நானும் முதல் வருடத்தில் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் தபரியின் நூலைத் திறந்து ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தேன். அறிவிப்புப் பெட்டியில் நான் அடைத்து வைத்திருந்த மனிதர் அந்தப் பக்கத்தில் நீதிபதி மாதிரி உட்கார்ந்து வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பெட்டி வகைப்பாடு பொய்யில்லை. ஆனால் ஒரு விரிவுரையாளர் உண்மையில் எப்படி வேலை செய்கிறார் என்பதை அது காட்டாது.

அதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. சர்ச்சைக்குரிய ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு காலத்து விரிவுரைகளில் அதே இடத்தைத் திறந்து பார்ப்பதுதான். நான் பரிந்துரைப்பது குர்ஆனின் 75ஆம் அத்தியாயமான அல்கியாமாவின் 22, 23ஆம் வசனங்கள். சிறியவை, ஐந்து நூல்களிலும் படித்து முடித்துவிடலாம். மறுமை நாளில் இறைவனைக் கண்ணால் காண முடியுமா என்ற பெரிய சண்டை முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கியிருக்கிறது.

முதல் படி: வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பாருங்கள்

வசனத்தின் பொருள் ஏறத்தாழ இது: "அந்நாளில் சில முகங்கள் செழித்துப் பொலியும், தம் இறைவனை நோக்கியிருக்கும்."

பொலியும் என்ற இடத்தில் அரபியில் ஒரு சொல், நோக்கியிருக்கும் என்ற இடத்தில் இன்னொரு சொல். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முதல் சொல்லில் வருவது ரமளான் என்ற சொல்லில் உள்ள 'ளாத்'. இரண்டாவதில் வருவது ளுஹர் தொழுகையின் பெயரில் உள்ள 'ளா'. தமிழில் நாம் இரண்டையும் ள என்றே எழுதிப் பழகிவிட்டதால், தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லும் நாளிரா, நாளிரா என்று ஒன்றுபோலவே வந்து நிற்கும். உங்கள் கட்டுரையில் இதை ஒருமுறை சொல்லித் தெளிவுபடுத்திவிடுங்கள். இல்லையென்றால் வாசகர் ஒரே சொல் இரண்டு முறை வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்.

சண்டை இரண்டாவது சொல்லைப் பற்றியது. அதன் வேர் 'நளர்', பார்த்தல் என்று பொருள். அதே வேரிலிருந்துதான் 'இன்திளார்' வருகிறது, காத்திருத்தல் என்று பொருள். தமிழருக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. நம் மொழியிலும் 'எதிர்பார்' என்ற சொல்லுக்குள் 'பார்' இருக்கிறது. "வழி பார்த்திருந்தாள்" என்றால் சாலையை ரசித்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. "உங்களைத்தான் பார்த்திருக்கிறேன், கைவிட்டுவிடாதீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அவர் நம் முகத்தை அளக்கவில்லை, உதவிக்குக் காத்திருக்கிறார்.

ஆக, கேள்வி இதுதான். அந்த முகங்கள் இறைவனைக் காண்கின்றனவா, இறைவனிடமிருந்து வரப்போகும் கூலியை எதிர்பார்த்திருக்கின்றனவா? கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இந்தக் கேள்வியை வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: காலக்கோட்டைச் சுருக்கமாகப் போடுங்கள்

வரலாற்றுப் பகுதிக்கு அரைப் பக்கம் போதும். நபித்தோழர்களில் விளக்கத்துக்குப் பேர்பெற்றவர் இப்னு அப்பாஸ் (இறப்பு 687). மக்காவில் அவரிடம் பாடம் கேட்ட அடுத்த தலைமுறையினரில் முஜாஹித், இக்ரிமா, சயீத் இப்னு ஜுபைர் முக்கியமானவர்கள். பஸ்ராவில் ஹசன் அல்பஸ்ரி (இறப்பு 728). இவர்களுடைய விளக்கங்கள் ஒற்றை வரிகளாக, வாய்வழியாகவும் குறிப்பேடுகளிலும் புழங்கின. தொடக்கம் முதல் முடிவு வரை நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விரிவுரை முகாத்தில் இப்னு சுலைமானுடையது (இறப்பு 767). பிறகு இலக்கண ஆசிரியர்கள் களத்துக்கு வந்தார்கள். அபூ உபைதாவும் ஃபர்ராவும் கி.பி. 800-ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் குர்ஆனின் சொல்லாட்சியைப் பழைய அரபு வழக்கோடு வைத்து ஆராய்ந்தார்கள். ஓர் ஓடையாக அறிவிப்புகளும் இன்னோர் ஓடையாக இலக்கணமும் வந்து தபரியிடம் கலக்கின்றன. அதன் பிறகு வந்த யாரும் அவரைத் தாண்டிப் போக முடிந்ததில்லை. ஒத்துப் போனார்கள், இல்லை முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாம் படி: தபரியிடம் சொல்வாய்பாடுகளைத் தேடுங்கள்

தபரி (இறப்பு 923) பாக்தாதில் எழுதியவர். அவருடைய நூல் பெரியதுதான், ஆனால் பயப்பட வேண்டாம். கருத்து வேறுபாடு உள்ள வசனங்களில் அவர் பின்பற்றும் ஒழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. முதலில் தம் சொல்லிலேயே பொருளைச் சுருக்கமாகச் சொல்வார். அடுத்து "விளக்க அறிஞர்கள் இதில் கருத்து வேறுபட்டார்கள்" என்பார். ஒரு கருத்தைச் சொல்லி, "அப்படிச் சொன்னவர்கள்" என்று தலைப்பிட்டு அறிவிப்பாளர் தொடரோடு ஆட்களை வரிசைப்படுத்துவார். மறு கருத்துக்கும் அப்படியே. கடைசியில் "இவற்றுள் சரியானதற்கு மிக நெருங்கியது" என்று தொடங்கித் தம் தீர்ப்பைச் சொல்வார். அரபி மெதுவாகத்தான் படிக்க வரும் என்றால், இந்த மூன்று சொற்றொடர்களையும் அடையாளக் கல்லாக வைத்துக்கொண்டு பக்கத்தைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வசனத்தில் இது அச்சு அசலாக நடக்கிறது. காண்கின்றன என்ற பக்கத்தில் இக்ரிமாவும் ஹசன் அல்பஸ்ரியும் நிற்கிறார்கள். ஹசன் சொன்னதாக வரும் வரி அழகானது: படைத்தவனைப் பார்க்கின்றன, படைத்தவனைப் பார்க்கும் முகங்கள் பொலியத்தானே செய்யும் என்கிறார். அந்த ஓரெழுத்து வித்தியாசத்தை வைத்து அவர் சொல் விளையாடுவது மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும்.

எதிர்பார்த்திருக்கின்றன என்ற பக்கத்தில் நிற்பவர் முஜாஹித். தம் இறைவனிடமிருந்து கூலியை எதிர்பார்க்கின்றன, படைப்புகளில் எதுவும் அவனைக் காண்பதில்லை என்பது அவர் சொன்னதாக வரும் கருத்து. இதைத் தபரி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களில் பதிவு செய்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முஜாஹித் யார்? இப்னு அப்பாஸின் நேர் மாணவர். அறிவிப்பு வழித் தஃப்சீரின் தூண்களில் ஒருவர். பாடநூல்களில் "பகுத்தறிவுவாத முஃதஸிலாக்களின் கருத்து" என்று எழுதியிருக்கும் விளக்கத்தை, முஃதஸிலா என்ற இறையியல் பள்ளியின் பெயருக்கே பெரிய வழக்கு இல்லாத காலத்தில் இவர் சொல்லிவிட்டார். இரண்டு பெட்டி வகைப்பாடு உடையும் இடம் இது. உங்கள் கட்டுரையின் கனமான பத்தியாகவும் இதுவே அமையும்.

தபரி எப்படித் தீர்க்கிறார்? ஹசனும் இக்ரிமாவும் சொன்னதே சரி, நபியிடமிருந்தும் அவ்வாறே செய்தி வந்திருக்கிறது என்று சொல்லி, சொர்க்கவாசிகளில் உயர்ந்தவர் இறைவனின் முகத்தைப் பார்ப்பார் என்ற அறிவிப்பை எடுத்து வைக்கிறார். முஜாஹிதை அவர் திட்டவில்லை, மறைக்கவும் இல்லை. தோற்றுப்போன கருத்தையும் தொடரோடு பாதுகாத்து வைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்களுக்கு அது கையிருப்பாகப் பயன்பட்டது.

நான்காம் படி: ஸமக்ஷரியின் சான்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஸமக்ஷரி (இறப்பு 1144) குவாரிஸ்ம் பகுதிக்காரர், அரபு இலக்கணத்தில் கரை கண்டவர், முஃதஸிலா. மக்காவில் நெடுங்காலம் தங்கியதால் 'அல்லாஹ்வின் அண்டை வீட்டார்' என்ற பொருளில் ஜாருல்லாஹ் என்று அழைக்கப்பட்டார். அவருடைய அல்கஷ்ஷாஃப் அங்கேதான் எழுதி முடிக்கப்பட்டது.

முஃதஸிலாக்களின் அடிப்படை இது: இறைவன் உடல் அல்லன், எந்தத் திசையிலும் இல்லை, ஆகவே கண்ணுக்குத் தென்பட மாட்டான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தால், அவர் இறையியலைப் பற்றி முதலில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பது தெரியும். சொல் வரிசையைப் பற்றிப் பேசுகிறார். வசனத்தில் "தம் இறைவனை" என்பது "நோக்கும்" என்பதற்கு முன்னால் வந்திருக்கிறது. அரபியில் பின்னால் வர வேண்டியது முன்னால் வந்தால் 'மட்டும்' என்ற பொருள் ஏறும். தமிழில் வழக்கமாக வினை கடைசியில் வருவதால் நமக்கு இது உறைக்காது, ஓர் ஏகாரம் சேர்த்துத்தான் காட்ட முடியும்: "தம் இறைவனையே நோக்கும்." இதே அத்தியாயத்தில் 12ஆம் வசனமும் 30ஆம் வசனமும் இதே அமைப்பில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

அடுத்த அடி நுட்பமானது. மறுமை நாளில் மக்கள் கணக்கற்ற காட்சிகளைக் காண்பார்களே? அப்படியிருக்க இறைவனை மட்டும் பார்ப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? எனவே 'மட்டும்' என்பது பொருந்தும்படியான வேறு பொருளை எடுக்க வேண்டும். இறைவன் ஒருவனிடமே அருளை எதிர்பார்ப்பார்கள் என்றால் பொருந்துகிறது.

பார்ப்பது என்றால் எதிர்பார்ப்பது என்று பேச்சில் வருமா? இதற்கு அவர் தரும் சான்றுதான் என்னைக் கஷ்ஷாஃபின் ரசிகனாக்கியது. மக்காவில் நண்பகல் நேரம். வெயிலுக்குப் பயந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகும் வேளை. சராத் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு பிச்சைக்காரப் பெண் தெருவில் கூவிக்கொண்டு போவதைக் கேட்டதாக எழுதுகிறார்: "என் சின்னக் கண் அல்லாஹ்வையும் உங்களையும் பார்த்திருக்கிறது." அவள் ஏதாவது கிடைக்காதா என்று ஏங்குகிறாள், அவ்வளவுதான். சாத்திய கதவுகளுக்கு அப்பால் அவள் யாரைப் பார்க்க முடியும்?

நபிமொழித் தொகுப்பிலிருந்தோ தத்துவ நூலிலிருந்தோ அவர் இந்தச் சான்றை எடுக்கவில்லை. தெருவில் காதால் கேட்டதை எழுதுகிறார். அரபு மக்களின் உயிருள்ள பேச்சே வேதத்தின் மொழிக்கு உரைகல் என்பது இலக்கணவாதியின் நம்பிக்கை. இதைக் "கருத்து வழித் தஃப்சீர்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால் அவருடைய முறை என்ன என்பதே தெரியாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: ராஸியிடம் யார் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்

ஃபக்ருத்தீன் ராஸி (இறப்பு 1210) முஃதஸிலாக்களுக்கு எதிரணியான அஷ்அரி பள்ளியின் இறையியலாளர். அவருடைய பெரிய விரிவுரையில் ஒரு வசனம் கேள்விகளாகவும் உட்கேள்விகளாகவும் கிளை பிரியும். எதிராளியின் வாதத்தை எதிராளியைவிடப் பலமாக எடுத்து வைப்பது அவர் வழக்கம். "சந்தேகத்தை ரொக்கமாகத் தருகிறார், பதிலைக் கடனாகத் தருகிறார்" என்று அவரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. புதிதாகப் படிப்பவர் வழுக்கி விழும் இடமும் இதுதான். எதிராளியின் வாதத்தை ராஸியின் கருத்தென்று மேற்கோள் காட்டிவிடுவார்கள். படிக்கும்போது பக்க ஓரத்தில் 'மு' என்றும் 'ரா' என்றும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

நம் வசனத்தில் முஃதஸிலாக்களுக்காக அவர் வைக்கும் வாதம் இது. நளர் என்றால் காணுதல் இல்லை, கண்மணியை ஒரு பொருளின் பக்கம் திருப்புதல் மட்டுமே. "பிறையைப் பார்த்தேன், தெரியவில்லை" என்று சொல்கிறோமே. தமிழிலும் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாலையில் மொட்டை மாடியில் நின்று இதே வாக்கியத்தை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! பார்த்தது உண்மை, கண்டது இல்லை.

பதிலாக ராஸி சொல்வதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். குர்ஆனில் நளர் என்பது காத்திருத்தல் என்ற பொருளில் வரும் இடங்களில் 'பக்கம், நோக்கி' என்று பொருள்படும் 'இலா' என்ற இடைச்சொல் சேர்ந்து வருவதில்லை. 57:13, 7:53 ஆகியவற்றைப் பாருங்கள் என்கிறார். 75:23இல் இலா இருக்கிறது. ஸமக்ஷரி தெருப் பேச்சை எடுத்தார், இவர் குர்ஆனின் சொந்த வழக்கை எடுக்கிறார். அந்தப் பிச்சைக்காரப் பெண்ணின் வாக்கியத்தில் இலா இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இருவரும் வேறு வேறு உரைகல்லில் உரசுகிறார்கள்.

இரண்டாவது பதில் இன்னும் சுவையானது. கண்மணியைத் திருப்புதல் என்ற நேர்பொருளை எடுத்தால் இறைவன் ஒரு திசையில் இருக்க வேண்டியதாகிவிடும். அஷ்அரிகளுக்கும் அது ஆகாது. எனவே பார்வையைத் திருப்புவதன் விளைவான காணுதல் என்ற பொருளுக்கு மாற வேண்டும் என்கிறார். அதாவது ராஸியும் நேர்பொருளை விட்டு நகர்கிறார். ஸமக்ஷரி எதிர்பார்ப்புக்கு நகர்ந்தார், இவர் காட்சிக்கு நகர்ந்தார். "ஒருவர் நேர்பொருள் கொண்டார், மற்றவர் உருவகப் பொருள் கொண்டார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆறாம் படி: இப்னு கஸீரும் ஷியா மரபும்

இப்னு கஸீர் (இறப்பு 1373) டமாஸ்கஸ்காரர், இப்னு தைமிய்யாவின் மாணவர். குர்ஆனைக் குர்ஆனால் விளக்கு, பிறகு நபிமொழி, பிறகு தோழர்கள், பிறகு அடுத்த தலைமுறை என்ற படிவரிசையைத் தம் முன்னுரையில் ஆசிரியரின் வழியில் வகுத்து வைத்தார். இன்று பலரும் தஃப்சீரின் ஆதி முறையே இதுதான் என்று நினைக்கிறார்கள். இந்த ஒழுங்கில் இது கொள்கையாக வடிக்கப்பட்டது 14ஆம் நூற்றாண்டில் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

75:23க்கு அவர் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளின் நபிமொழிகளை அடுக்குகிறார். முழுநிலவைக் காண்பதுபோல் உங்கள் இறைவனைக் காண்பீர்கள் என்பது அவற்றில் ஒன்று. எதிர்பார்த்தல் என்ற விளக்கத்தை, இலா என்பதை இடைச்சொல்லாகக் கொள்ளாமல் அருட்கொடை என்ற பெயர்ச்சொல்லாகக் கொள்ளும் விளக்கத்தோடு சேர்த்துக் கண்டிக்கிறார். இப்படிச் சொன்னவர் வெகு தூரம் விலகிப் போய்விட்டார் என்பது அவர் தீர்ப்பு. தீயவர்கள் அன்று இறைவனைவிட்டுத் திரையிடப்படுவார்கள் என்ற 83:15ஐ எடுத்து, அப்படியானால் நல்லவர்களுக்குத் திரை இல்லை என்று ஷாஃபிஈ கண்ட முடிவையும் துணைக்கு அழைக்கிறார். தபரியிடம் ஒரு தரப்பாக உட்கார்ந்திருந்த முஜாஹிதின் கருத்து, நான்கரை நூற்றாண்டுக்குப் பிறகு இங்கே தள்ளுபடியாகும் பிழையாகிவிட்டது. மரபு வளர்ந்தது என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு மாற்றத்தைக் காட்டுவது பலன் தரும்.

ஷியா மரபுக்குத் தபர்ஸியை (இறப்பு 1153) எடுங்கள். ஓதல் வேறுபாடு, சொற்பொருள், இலக்கண அமைப்பு, கருத்து என்று தனித்தனித் தலைப்பிட்டு எழுதுபவர். தேடுவதற்கு இவ்வளவு வசதியான பழைய விரிவுரை வேறு இல்லை. கூலியை எதிர்பார்த்தல் என்ற விளக்கம் அவரிடம் மதிப்போடு இடம்பெறுகிறது. நம் காலத்துக்கு வந்தால் தபாதபாயி (இறப்பு 1981), இது புறக்கண் பார்வை அல்ல, உள்ளத்தின் பார்வை என்று மூன்றாவது பாதை ஒன்றைத் திறக்கிறார். தபரி, தபர்ஸி, தபாதபாயி என்று பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், முதல்முறை குறிப்பிடும்போது ஆண்டையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

சூஃபி விரிவுரைகளை இந்தக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவற்றுக்கு வேறு கேள்வி வேண்டும். ஒரு பத்தியில் திணித்தால் அலங்காரமாகத்தான் நிற்கும்.

ஏழாம் படி: கீல் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்

ஐந்து பேரையும் வரிசையாகச் சொல்லிவிட்டால் அது பட்டியல். கட்டுரையாக வேண்டுமானால், எல்லாக் கதவுகளும் எந்தக் கீலில் திரும்புகின்றன என்று காட்ட வேண்டும். அந்தக் கீல் 3:7. வேதத்தில் தெளிவான வசனங்கள் உண்டு, அவையே வேதத்தின் தாய்; பல பொருளுக்கு இடம் தருபவையும் உண்டு என்று அந்த வசனம் சொல்கிறது. ஆனால் எது தெளிவானது, எது பல பொருள் தருவது என்று பெயர் சொல்லிப் பட்டியல் தரவில்லை.

3:7க்கு விரிவுரை எழுதும்போது ஸமக்ஷரி ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். "பார்வைகள் அவனை எட்டா" என்ற 6:103 தெளிவானது. "தம் இறைவனை நோக்கியிருக்கும்" என்ற 75:23 பல பொருள் தருவது. இரண்டாவதை முதலாவதை வைத்து அளக்க வேண்டும். அஷ்அரிகள் அளவுகோலைத் திருப்பிப் பிடித்தார்கள். எட்டுதல் என்றால் முழுவதும் சூழ்ந்து அறிதல். அதைத்தான் 6:103 மறுக்கிறது, காணுதலை மறுக்கவில்லை என்றார்கள். குர்ஆனைக் குர்ஆனால் விளக்குவது எங்கள் முறை என்று இரு தரப்பும் நேர்மையாகவே சொல்லிக்கொள்ள முடியும். எந்த வசனத்தைக் கோலாகவும் எந்த வசனத்தைத் துணியாகவும் எடுக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்தத் தேர்வு விரிவுரை எழுத உட்காரும் முன்பே நடந்துவிடுகிறது.

இதை எழுத்தில் எப்படிக் காட்டுவது? "ஸமக்ஷரி பகுத்தறிவு முறையைப் பின்பற்றினார், இப்னு கஸீர் அறிவிப்பு முறையைப் பின்பற்றினார்" என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, இப்படி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்:

"75:23இல் உள்ள நளர் என்ற சொல்லுக்கு எதிர்பார்த்தல் என்ற பொருளை முஜாஹித் சொன்னதாகத் தபரி பதிவு செய்து, நபிமொழியின் அடிப்படையில் அதை விட்டு விலகுகிறார். அதே பொருளை ஸமக்ஷரி நிலைநாட்ட முயலும்போது முஜாஹிதின் பெயரை நம்பி நிற்காமல், சொல் வரிசையையும் தாம் மக்காவில் கேட்ட பேச்சு வழக்கையும் சான்றாக்குகிறார். ஆக, இருவரும் ஒரே கருத்தை எதிரெதிராகத் தீர்ப்பதோடு, எது சான்றாகும் என்பதிலும் வேறுபடுகிறார்கள்."

மூன்றே வாக்கியம். ஆனால் ஒவ்வொன்றையும் ஆசிரியர் நூலைத் திறந்து சரிபார்க்க முடியும்.

சறுக்கும் இடங்கள்

மேற்கோளில் பக்க எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். இந்த நூல்களுக்குப் பல பதிப்புகள் உண்டு. பக்கம் மாறும், 75:23 மாறாது. அரபி மூலங்களை altafsir.com தளத்தில் வசன வாரியாகத் திறந்து ஒப்பிடலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கப் பதிப்பை வைத்து வேலை செய்தால், அது சுருக்கம் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அறிவிப்பாளர் தொடரும் மாற்றுக் கருத்தும்தான். முறையைப் பற்றி எழுதுபவருக்குத் தேவையானதும் அவைதான்.

இப்னு அப்பாஸின் பெயரில் ஒரு முழு விரிவுரை அச்சிலும் இணையத்திலும் கிடைக்கிறது, 'தன்வீருல் மிக்பாஸ்' என்று. அதை 7ஆம் நூற்றாண்டு நூலாக மேற்கோள் காட்டினால் மதிப்பெண் போய்விடும். அது பல நூற்றாண்டு பிந்திய தொகுப்பு. இப்னு அப்பாஸ் சொன்னது வேண்டுமென்றால் தபரியில் தொடரோடு வருவதை எடுங்கள்.

கஷ்ஷாஃபின் அச்சுப் பதிப்புகளில் பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ இன்னொரு குரல் ஓடிக்கொண்டிருக்கும். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த இப்னுல் முனய்யிர் (இறப்பு 1284) எழுதிய மறுப்புரை அது. ஸமக்ஷரி முஃதஸிலாக் கருத்தைச் சொல்லும் இடங்களில் குறுக்கிட்டுச் சண்டை போடுவார். இரண்டையும் கலந்து படித்தால் ஸமக்ஷரி தம்மைத் தாமே மறுத்துக்கொண்டதாகத் தோன்றும். ஒரு தடவை நான் அரை நாள் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டு அரபிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு, மஹல்லியும் சுயூத்தியும் பகுதி பகுதியாக எழுதிய சுருக்க விரிவுரையான ஜலாலைன் கையிலேயே இருக்கும். 75:23க்கு அதில் ஒரே வரிதான்: மறுமையில் அல்லாஹ்வைக் காண்பார்கள். சண்டை நடந்த தடயமே இருக்காது. அந்த மௌனத்தையும் ஒரு முறையாகக் கட்டுரையில் குறிப்பிடலாம், அது வகுப்பறைக்கு எழுதிய நூல். ஆனால் அந்த வரியை சுயூத்தியின் பெயரில் போட்டுவிடாதீர்கள். ஜலாலைனில் 18ஆம் அத்தியாயமான கஹ்ஃப் முதல் இறுதிவரை எழுதியவர் மஹல்லி.